தூத்துக்குடி கப்பல் வரும் நேரம்: லைன் சொல்வது ஒன்று, ஆப் சொல்வது ஒன்று

கேள்வி: "காரைக்குடியில் மரவாடி வைத்திருக்கிறோம். கானாவிலிருந்து ஒரு தேக்குக் கன்டெய்னர் கொழும்பு வழியாகத் தூத்துக்குடிக்கு வருகிறது. ஷிப்பிங் லைன் தளத்தில் ETA நவம்பர் 4, 20:00 என்று இருக்கிறது. கப்பல் பார்க்கும் ஆப்பில் அதே நாள் 14:30. துறைமுகப் பட்டியலில் 5-ம் தேதி காலை 6 மணி. வெளிநாட்டுத் தளம் என்பதால் 20:00-உடன் ஐந்தரை மணி கூட்ட வேண்டும், 5-ம் தேதி அதிகாலை 1:30 என்கிறான் தம்பி. எதை நம்பி பில் ஆஃப் என்ட்ரி போடுவது, டிரெய்லர் சொல்வது?"

லைன் தளத்தில் உள்ள 20:00-ஐ அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். அது தூத்துக்குடி நேரம், அதாவது நம் கடிகாரத்தில் 4-ம் தேதி இரவு எட்டு மணி. ஆப் காட்டும் 14:30-ம் அதே தருணம்தான், உலகப் பொது நேரமான UTC-யில் எழுதப்பட்டிருக்கிறது. துறைமுகப் பட்டியலின் 5-ம் தேதி காலை 6 மணி வேறொரு நிகழ்வைச் சொல்கிறது. தம்பியின் கணக்குதான் இங்கே ஆபத்தானது. அது 5-ம் தேதி என்று வருவதால் துறைமுகப் பட்டியலோடு ஒத்துப்போவதுபோல் தெரிகிறது, அந்தப் பொருத்தமே உங்களை நம்ப வைத்துவிடும். நான் தூத்துக்குடியில் கப்பல் ஏஜென்சிப் பக்கம் பல வருடம் வேலை பார்த்தவன். இந்த ஒரு குழப்பத்தோடு வந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன் என்பதால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

கப்பல் தொழிலில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. ஒரு துறைமுகத்தில் நடக்கும் காரியத்தின் நேரம் அந்தத் துறைமுகத்தின் நேரத்திலேயே எழுதப்படும். பைலட் படகு, டக், கரையில் வேலை செய்யும் ஆட்கள், சுங்க அதிகாரி என்று எல்லோரும் அந்த ஊர்க் கடிகாரத்தைப் பார்த்துத்தான் வேலைக்கு வருகிறார்கள். லைனின் தலைமையகம் ஐரோப்பாவில் இருந்தாலும் கொரியாவில் இருந்தாலும், கன்டெய்னரின் பயணப் பட்டியலில் கானாவின் துறைமுகமான தேமா என்ற வரியில் உள்ள நேரம் தேமா நேரம், கொழும்பு வரியில் உள்ளது கொழும்பு நேரம், தூத்துக்குடி வரியில் உள்ளது இந்திய நேரம். ஒரே பக்கத்தில் மூன்று ஊர்களின் கடிகாரங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக நிற்கின்றன. பக்கத்தின் அடியில் சில லைன்கள் இதைச் சொல்லிவிடும், சில சொல்லாது. ஏஜென்ட் மின்னஞ்சலில் எழுதும்போது பெரும்பாலும் 042000 LT என்று வரும். முதல் இரண்டு எண் தேதி, அடுத்த நான்கு மணி, LT என்பது அந்த ஊர் நேரம். அதோடு AGW, WP என்று ஒட்டியிருந்தால், எல்லாம் ஒழுங்காக நடந்தால், வானிலை இடம் கொடுத்தால் என்று பொருள். அலங்காரத்துக்கு எழுதுவதில்லை அதை, உண்மையான நிபந்தனை அது.

உங்கள் விஷயத்தில் குழப்பம் கூடியதற்கு இன்னொரு காரணம் கானா. அந்த நாட்டு நேரமும் UTC-யும் ஒன்றே, வருடம் முழுக்க. கன்டெய்னர் தேமாவில் அக்டோபர் 5, 18:00-க்குப் புறப்பட்டது என்று லைன் காட்டியிருந்தால் ஆப்பும் 18:00 என்றே காட்டியிருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்கிறதே, சரி, இந்த ஆப்பும் அந்தந்த ஊர் நேரத்தைத்தான் காட்டுகிறது என்று மனம் பதிந்துவிடும். பெரிய கப்பல் நவம்பர் 1 காலை 06:00-க்குக் கொழும்பு சேர்ந்ததாக லைன் சொல்லும்போது ஆப் 00:30 என்று காட்டும். அப்போதுதான் ஐந்தரை மணி வித்தியாசம் முதல் தடவையாகக் கண்ணில் படும். நடுவில் ஏதோ கோளாறு வந்துவிட்டது என்று தோன்றும். கோளாறு எதுவும் இல்லை. தேமாவில் அந்த வித்தியாசம் பூஜ்யமாக இருந்ததால் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இதே காரணத்தால் பயண நாட்களை எண்ணும்போதும் நேரடியாகக் கழிக்கக் கூடாது. அக்டோபர் 5 மாலை ஆறு மணிக்கும் நவம்பர் 1 காலை ஆறு மணிக்கும் இடையே பார்வைக்கு 26 நாள் 12 மணி. இரண்டையும் UTC-க்கு மாற்றிக் கழித்தால் 26 நாள் ஆறரை மணிதான். கிழக்கு நோக்கி வரும் கப்பலுக்குத் தாள் கணக்கு கூடுதலாகக் காட்டும், மேற்கு நோக்கிப் போவதற்குக் குறைத்துக் காட்டும். ஒரு மாதப் பயணத்தில் இது பெரிய விஷயமில்லை. கடைசிக் கட்டத்தில்தான் கடிக்கும்.

சரி, ஆப் ஏன் UTC காட்டுகிறது? கப்பல்கள் தங்களைப் பற்றிய தகவலை AIS என்ற கருவி மூலம் வானொலி அலைகளில் தொடர்ந்து அனுப்புகின்றன. அதில் கப்பலின் பெயர், போகும் இடம், ETA எல்லாம் உண்டு. அந்த ETA-வை UTC-யில்தான் எழுத வேண்டும் என்பது விதி. அதில் மாதம், தேதி, மணி, நிமிடம் மட்டுமே இருக்கும், வருடத்துக்கு இடமே கிடையாது. இருக்கும் இடம், வேகம் ஆகியவை கருவியிலிருந்து தானாக வரும். ETA அப்படி வருவதில்லை, கப்பலில் உள்ள ஓர் அதிகாரி கையால் தட்டச்சு செய்வது. ஆகவே விதியை மறந்து ஊர் நேரத்தையே போட்டுவிடுவதும் நடக்கும், போன துறைமுகத்துக்குப் போட்டதை மாற்றாமல் விடுவதும் நடக்கும். இரண்டாவதைக் கண்டுபிடிக்க எளிய வழி, போகும் இடத்தைப் பார்ப்பது. `LKCMB>INTUT` என்று இருந்தால் கொழும்பிலிருந்து தூத்துக்குடிக்கு என்று பொருள். பெரிய கப்பல் கொழும்பில் இறக்கிய பெட்டியைத் தூத்துக்குடிக்குக் கொண்டுவரும் சிறு கப்பலான ஃபீடர் கொழும்பை விட்டுக் கிளம்பிய பிறகும் அங்கே `LKCMB` மட்டும் இருந்தால், பக்கத்தில் உள்ள ETA-வும் கொழும்புக்கானதுதான், அதை விட்டுவிடுங்கள்.

சில ஆப்கள் கப்பல் சொன்ன ETA-வோடு, கப்பலின் வேகத்தை வைத்துத் தாங்களே கணக்கிட்ட ETA ஒன்றையும் காட்டும். அமைப்புகளுக்குள் போனால் நேரத்தை UTC-யிலா, உங்கள் கைபேசி நேரத்திலா, துறைமுக நேரத்திலா எப்படிக் காட்ட வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் வசதியும் பல ஆப்களில் இருக்கிறது. முதலில் அதைத் திறந்து பார்த்துவிடுங்கள். லைனிலிருந்து தரவாகவோ கோப்பாகவோ வாங்குகிறவர்களுக்கு இந்தச் சந்தேகமே வராது, ஏனென்றால் நேரத்தின் வாலிலேயே விடை இருக்கும்.

```
2025-11-04T20:00:00+05:30
2025-11-04T14:30:00Z
```

இரண்டும் ஒரே தருணம். `+05:30` என்றால் எழுதியிருப்பது இந்திய நேரம். `Z` என்றால் UTC. வால் இல்லாத நேரம் வந்தால் எந்த ஊர் நேரம் என்று கேட்டுவிட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

இனி தம்பியின் கணக்கு. வெளிநாட்டுத் தளம் என்பதால் ஐந்தரை மணி கூட்ட வேண்டும் என்ற எண்ணம் இயல்பானது, ஆனால் லைன் ஏற்கெனவே இந்திய நேரத்துக்கு மாற்றித் தந்துவிட்டது. மறுபடி கூட்டினால் இரண்டு முறை மாற்றியதாகிவிடும். எல்லா நாளும் இது தேதியைத் தாண்டாது. காலை பத்து மணி ETA-வில் இந்தத் தவறு செய்தால் மாலை மூன்றரை ஆகும், அன்றைய தேதியே இருக்கும், யாருக்கும் தெரியாது. மாலை ஆறரைக்குப் பிந்தைய ETA என்றால் நாள் மாறிவிடும். உங்களுடையது இரவு எட்டு மணி. கூட்டினால் நவம்பர் 5 ஆகிவிடுகிறது.

நாள் மாறுவதற்கு விலை உண்டு. 2021-ல் சுங்கச் சட்டத்தின் 46-ம் பிரிவு திருத்தப்பட்ட பிறகு, பொது விதிப்படி, கப்பல் வரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள், சுங்கத்துக்குத் தரும் இறக்குமதிப் படிவமான பில் ஆஃப் என்ட்ரியைத் தாக்கல் செய்திருக்க வேண்டும். விடுமுறை நாளும் இதில் சேர்த்தி. கப்பல் 4-ம் தேதி இரவு எட்டு மணிக்கு வந்தால் உங்கள் கெடு 3-ம் தேதி நள்ளிரவு. தம்பி சொல்வதுபோல் 5-ம் தேதி வருகிறது என்று நினைத்தால், 4-ம் தேதி முழுக்க நேரம் இருக்கிறது என்று நிம்மதியாக இருப்பீர்கள். கெடு தாண்டினால் முதல் மூன்று நாட்களுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதற்குப் பிறகு நாளொன்றுக்கு 10,000 ரூபாய் தாமதக் கட்டணம். கவனியுங்கள், ஆப்பின் 14:30-ஐ இந்திய நேரமாக நினைத்து ஏமாந்தால்கூடக் கெடுவில் நஷ்டமில்லை. நம் நேரம் UTC-க்கு முன்னால் ஓடுவதால் அந்தத் தவறு உங்களைச் சீக்கிரமாக்கும், தாமதமாக்காது. டிரெய்லரைத்தான் வீணாக முன்கூட்டி அனுப்பியிருப்பீர்கள். இரட்டைக் கூட்டல்தான் உங்களைத் தாமதமாக்குகிற தவறு.

இதற்கு நான் சொல்லும் வழி, ETA-வை நம்பிக் கெடுவுக்குப் பக்கத்தில் போகாமல் இருப்பது. கப்பல் முப்பது நாட்களுக்குள் வரும் என்று எதிர்பார்க்கப்பட்டாலே பில் ஆஃப் என்ட்ரியை முன்கூட்டித் தாக்கல் செய்யச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஃபீடர் கொழும்பில் இருக்கும்போதே தாக்கல் முடிந்துவிட்டால் எட்டு மணியா ஒன்றரை மணியா என்ற கேள்வி தூக்கத்தைக் கெடுக்காது. உங்கள் சரக்குக்கு எந்த விதி, எந்தச் சலுகை பொருந்தும் என்பதையும், சுங்கப் பதிவில் வந்த நாளாக எது விழும் என்பதையும் உங்கள் சுங்க ஏஜென்டான சி.எச்.ஏ.தான் சொல்ல வேண்டும். நான் சொல்வது கடிகாரக் கணக்கு மட்டும்.

எந்த நேரம் சரி என்று நீங்களே சோதித்துப் பார்க்கவும் ஒரு வழி இருக்கிறது. கொழும்பிலிருந்து தூத்துக்குடி ஏறக்குறைய 150 கடல் மைல். இலங்கை 2006 ஏப்ரலிலிருந்து நம்மோடு ஒரே நேரத்தில் இருக்கிறது, ஆகவே இந்த ஓட்டத்துக்கு மாற்றக் கணக்கே வேண்டாம். ஃபீடர் 4-ம் தேதி காலை ஒன்பது மணிக்குக் கொழும்பை விட்டால், இரவு எட்டு மணிக்கு வர 11 மணி நேரம். 150-ஐ 11-ஆல் வகுத்தால் மணிக்கு 13.6 கடல் மைல், அதாவது 13.6 நாட். ஃபீடருக்கு இயல்பான வேகம். இதுவே ஆப்பின் 14:30-ஐ இந்திய நேரம் என்று வைத்தால் ஐந்தரை மணி நேரத்தில் 150 மைல், 27 நாட்டுக்கு மேல் வருகிறது. எந்த ஃபீடரும் அப்படி ஓடாது. ஆகவே 14:30 இந்திய நேரமாக இருக்க முடியாது என்பது உறுதி. தம்பியின் 1:30-ஐப் போட்டால் பதினாறரை மணி நேரம், 9 நாட். இது மெதுவான வேகம், ஆனாலும் நடக்கவே நடக்காது என்று சொல்ல முடியாது. பெர்த் காலியில்லை என்று தெரிந்தால் எண்ணெய் மிச்சம் பிடிக்க மெதுவாகவே வருவார்கள். ஆக, வேகக் கணக்கு ஒரு பக்கம் கதவை அடைக்கும், மறு பக்கம் சந்தேகத்தை மட்டும் எழுப்பும். தேமாவிலிருந்து கொழும்பு போன்ற நீண்ட ஓட்டத்தில் ஐந்தரை மணி கரைந்து காணாமல் போய்விடும், அங்கே இந்தச் சோதனை பயன்படாது.

வித்தியாசம் எவ்வளவு என்பதையும் பாருங்கள். 20:00-க்கும் 14:30-க்கும் இடையே சரியாக ஐந்தரை மணி. இப்படி அரை மணியில் சுத்தமாக முடிகிற, நமக்குத் தெரிந்த ஒரு நேர வேறுபாட்டோடு பொருந்துகிற இடைவெளி என்றால் முதல் சந்தேகம் கடிகாரத்தின் மேல்தான். 20:00-க்கும் மறுநாள் 06:00-க்கும் இடையே பத்து மணி. தூத்துக்குடிக்கும் இந்த வழியில் உள்ள எந்த ஊருக்கும் பத்து மணி வேறுபாடு கிடையாது. அப்படியானால் அது வேறு நிகழ்வு. லைன் சொல்லும் ETA வழக்கமாகக் கப்பல் துறைமுக வாசலுக்கு, பைலட் ஏறும் இடத்துக்கு, வந்து சேரும் நேரம். துறைமுகப் பட்டியலில் இருப்பது பல நேரங்களில் பெர்த்தில் கட்டும் நேரம், அதை ETB என்று எழுதுவார்கள். இடைப்பட்ட நேரத்தில் கப்பல் வெளியே நங்கூரமிட்டுக் காத்திருக்கும். முன்னால் உள்ள கப்பல் வேலை முடித்துப் பெர்த்தைக் காலி செய்ய வேண்டும், பைலட் கிடைக்க வேண்டும். உங்கள் பட்டியலில் 06:00-க்கு மேலே தலைப்பு என்ன என்று பாருங்கள். ETB அல்லது பெர்த் எண் பக்கத்தில் இருந்தால் நான் சொன்னதுதான். ETA என்றே தலைப்பு இருந்தால், லைன் தளத்தைவிடப் புதிய தகவல் துறைமுகத்துக்கு வந்திருக்கலாம். பட்டியல் எந்த நாள், எத்தனை மணிக்கு வெளியானது என்பது மேலே ஓர் ஓரத்தில் இருக்கும், இரண்டில் எது பிந்தியதோ அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

டிரெய்லரைப் பொறுத்தவரை இந்த இரண்டு நேரமும் உங்களுக்கு நேரடியாக உதவாது. பெர்த்தில் கட்டிய பிறகு கன்டெய்னர் இறங்க வேண்டும், துறைமுகத்துக்கு வெளியே உள்ள கன்டெய்னர் கிடங்கான சி.எஃப்.எஸ்.சுக்குப் போக வேண்டும், மரம் என்பதால் தாவரத் தொற்றுத்தடுப்புச் சோதனை உண்டு, பிறகு சுங்கம். காரைக்குடியிலிருந்து தூத்துக்குடி நாலைந்து மணி நேர ஓட்டம்தான். சி.எச்.ஏ. விடுவிப்பு உறுதி என்று சொன்ன பிறகு வண்டியைக் கிளப்பினாலும் போதும். ETA-வைப் பார்த்து வண்டி அனுப்பினால் காத்திருப்பு வாடகைதான் மிஞ்சும்.

உங்கள் பக்கத்தில் பெரியவர்கள் யாராவது மலேயா, சிங்கப்பூர் நமக்கு இரண்டு மணி முன்னால் என்று சொல்லிக் கேட்டிருப்பீர்கள். அவர்கள் கடை வைத்திருந்த காலத்தில் அது சரி. 1982 ஜனவரி 1 முதல் இரண்டு ஊரும் கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளிவிட்டன, இப்போது இரண்டரை மணி. அடுத்த சரக்கு கிள்ளான் துறைமுகம் வழியாக வந்தால் இரண்டரையைக் கழியுங்கள். யாங்கோன் ஒரு மணி முன்னால். ஐரோப்பா மட்டும் ஒரே எண்ணில் நிற்காது. ராட்டர்டாம், ஹாம்பர்க் கோடையில் நமக்கு மூன்றரை மணி பின்னால், அக்டோபர் கடைசி ஞாயிறு முதல் மார்ச் கடைசி ஞாயிறு வரை நாலரை மணி பின்னால். ஆத்தங்குடிக் கற்களை அந்தப் பக்கம் அனுப்புகிறவர்களுக்கு அங்கே சேரும் நேரத்தில் இது வேண்டும். ஏற்றுமதிக் கன்டெய்னரைத் துறைமுகத்துக்குள் கொண்டுபோக வேண்டிய கெடு தூத்துக்குடி நேரம்தான், அதில் எதையும் கூட்டவும் வேண்டாம் கழிக்கவும் வேண்டாம்.

கடைசியாக ஒன்று, இதை இன்றே பாருங்கள். மேலே பேசிய நேரம் எல்லாம் ஃபீடர் கப்பலின் நேரம், உங்கள் கன்டெய்னரின் நேரம் அல்ல. கொழும்பில் இறக்கிய பெட்டி திட்டமிட்ட ஃபீடரில் ஏறாமல் அடுத்ததற்குத் தள்ளப்படுவது சாதாரணமாக நடக்கும். லைன் தளத்தில் உங்கள் கன்டெய்னர் எண்ணைப் போட்டு, கொழும்பு வரியில் `Loaded` என்று வந்திருக்கிறதா, பக்கத்தில் உள்ள கப்பல் பெயரும் பயண எண்ணும் நீங்கள் ஆப்பில் பின்தொடரும் கப்பலுடையதுதானா என்று சரிபாருங்கள். `Discharged` என்பதோடு நின்றிருந்தால் பெட்டி இன்னும் கொழும்பு யார்டில்தான் இருக்கிறது. அப்போது 4-ம் தேதி இரவு எட்டு மணிக்கு வருவது வேறு யாருடையவோ சரக்கு. லைனின் தூத்துக்குடி அலுவலகத்தில் கேட்டு, அடுத்து எந்த ஃபீடர் என்று எழுத்தில் வாங்கி, அந்தப் பெயரை சி.எச்.ஏ.வுக்கு அனுப்பிவிடுங்கள்.